செல்லுக்குள் ஒரு பட்டை: இலக்கில் எவ்வளவு எட்டினோம் என்பதை எழுத்துகளால் காட்டுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் இருந்த பல இடங்களில் இப்போது செம்பனை. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருப்பவருக்கு மாதம் முழுவதும் ஒரே கேள்விதான் வரும்: இந்தக் காட்டில் எத்தனை டன் குலை இறங்கியிருக்கிறது, இலக்குக்கு இன்னும் எவ்வளவு பாக்கி? ஆலையின் எடைச்சீட்டுகளைப் பார்த்து எண்களை எக்செலில் ஏற்றிவிட்டால் விடை அங்கேயே இருக்கிறது. ஆனாலும் 80 டன்னுக்கு 62, 72 டன்னுக்கு 39, 48 டன்னுக்கு 47.8 என்று எண்கள் வரிசையாக நின்றால், எந்தக் காடு பின்தங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு வரிசைக்கும் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சிறு பட்டை இருந்தால் அந்த வேலை மிச்சம்.

இதற்குத் தனியாக வரைபடம் போட வேண்டியதில்லை. எக்செலில் `REPT` என்று ஒரு செயல்பாடு இருக்கிறது. ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் கொடுத்தால், அந்த எழுத்தை அத்தனை முறை திரும்ப எழுதித் தரும். அது செய்வது அவ்வளவுதான். `=REPT("x",5)` என்று எழுதினால் `xxxxx` என்று வரும். x இருக்கும் இடத்தில் முழுக்க நிரம்பிய கறுப்புக் கட்டை ஒன்றைப் போட்டால், அது பட்டையாகிவிடும்.

```
=REPT("█",5)
```

இந்தக் கறுப்புக் கட்டையை எப்படித் தட்டுவது? எண் பலகை உள்ள விண்டோஸ் கணினியில் `Alt` விசையை அழுத்திக்கொண்டு 219 என்று அடித்தால் வரும். எண் பலகை இல்லாத மடிக்கணினியில் ஏதாவது ஒரு செல்லில் `=UNICHAR(9608)` என்று எழுதுங்கள். அந்தச் செல்லை நகலெடுத்து, இன்னொரு செல்லில் மதிப்பாக மட்டும் ஒட்டினால் கட்டை தனி எழுத்தாகக் கிடைக்கும். மங்கலான கட்டைக்கு எண் 9617. `UNICHAR` எக்செல் 2013 முதல்தான் இருக்கிறது. அதைவிடப் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையிலிருந்தே கட்டையை நகலெடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு ஜூன் மாதத்துக்கான தாளை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. A நெடுவரிசையில் காட்டின் பெயர், B-யில் மாத இலக்கு, C-யில் இதுவரை வந்தது, இரண்டும் டன்னில். முதல் வரிசை தலைப்பு. இரண்டாம் வரிசையைக் காலியாக விடுங்கள், அதற்கு வேலை பிறகு வரும். மூன்றாம் வரிசையிலிருந்து காடுகள்.

```
         இலக்கு   வந்தது
காடு 1     60      45
காடு 2     80      62
காடு 3     48      47.8
காடு 4     50      56
காடு 5     72      39
காடு 6      0       0
```

எழுதத் தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: நிரம்பிய பட்டை எத்தனை கட்டை நீளம்? நான் 20 வைக்கிறேன். ஒரு கட்டைக்கு 5 விழுக்காடு என்றால் மனத்தில் நிற்கும். 10 வைத்தால் பட்டை முரடாக இருக்கும். 50 வைத்தால் செல் அகலம் தாளில் பாதியை விழுங்கிவிடும்.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் சூத்திரம் இது:

```
=REPT("█",C3/B3*20)
```

காடு 1-க்கு 45/60 என்பது முக்கால். அதை இருபதால் பெருக்கினால் 15 கட்டை. சரியாக வருகிறது. இதையே கீழே இழுத்துவிட்டால், காடு 2-க்கும் 15 கட்டைதான் வரும். கணக்குப்படி அது 15.5. `REPT` அரைக் கட்டை போடாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். கிட்டிய எண்ணுக்கு உயர்த்துவதும் இல்லை, 15.9 கொடுத்தாலும் 15தான். இது குறையல்ல என்பது என் கருத்து. இலக்கை எட்டாத காட்டுக்குப் பட்டை முழுதாக நிரம்பக் கூடாது. காடு 3-ஐப் பாருங்கள்: 48-க்கு 47.8 வந்திருக்கிறது, கணக்கில் 19.9 கட்டை. உயர்த்தி எழுதினால் 20 ஆகி, வேலை முடிந்ததுபோல் தெரியும். வெட்டுவதால் 19-ல் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் பாக்கி என்பது தெரிகிறது. அதனால் இங்கே `ROUND` போட்டு "சரிசெய்ய" வேண்டாம்.

காடு 4-ல்தான் முதல் சிக்கல். இலக்கு 50, வந்தது 56. பட்டை 22 கட்டை வரை போய்விடும். பக்கத்துச் செல் காலியாக இருந்தால் அதன்மேல் வழியும். அதில் ஏதாவது எழுதியிருந்தால், தன் செல்லின் ஓரத்திலேயே வெட்டுப்படும். இரண்டும் அழகாக இல்லை என்பதோடு, வெட்டுப்பட்ட பட்டை எங்கே முடிகிறது என்றும் தெரியாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கறுப்புக் கட்டை மட்டும் இருக்கும் பட்டையில் இலக்கு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. 15 கட்டை நீளமாகத்தான் தெரியும், 20-ல் 15 என்று தெரியாது. அதனால் பாக்கியை மங்கலான கட்டையால் நிரப்ப வேண்டும். முழு நீளமும் எப்போதும் 20, அதில் எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதுதான் செய்தி. இங்கே பலர் எழுதுவது இப்படி:

```
=REPT("█",C3/B3*20)&REPT("░",(1-C3/B3)*20)
```

பார்க்க நியாயமாக இருக்கிறது: வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு. காடு 1-ல் 15-ம் 5-ம் சேர்ந்து 20. காடு 2-ல்? கறுப்பு 15.5 வெட்டப்பட்டு 15. பாக்கி 4.5 வெட்டப்பட்டு 4. மொத்தம் 19. இரண்டு பக்கமும் தனித்தனியாக வெட்டியதில் ஒரு கட்டை காணாமல் போய்விட்டது. வரிசையாகப் பார்க்கும்போது பட்டைகளின் வலது ஓரம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பல்லிளிக்கும். அந்த ஓரம் நேராக இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

காடு 4-ல் நடப்பது இன்னும் வேடிக்கை. 1-லிருந்து 1.12-ஐக் கழித்தால் எதிர்ம எண். `REPT`-க்கு எதிர்ம எண் கொடுத்தால் `#VALUE!` என்று சொல்லிவிடும், நன்றாக இருந்த கறுப்புப் பகுதியையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆக, மாத இலக்கைத் தாண்டிய ஒரே காட்டுக்கும் பிழைச் செய்திதான் கிடைக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கறுப்புக் கட்டை எத்தனை என்பதை ஒரே ஒரு முறை கணக்கிட்டு, ஒரு தனிச் செல்லில் வைத்துக்கொள்ள வேண்டும். மங்கல் கட்டை என்பது 20-லிருந்து அதைக் கழித்த மீதி. அப்படிச் செய்தால் மொத்தம் 20-ஐ விட்டு நகர வழியே இல்லை. D3-ல் இதை எழுதுங்கள்:

```
=IF(B3>0,MAX(0,MIN(20,INT(C3*20/B3))),0)
```

உள்ளேயிருந்து வெளியே படித்தால் எளிது. `C3*20/B3` என்பது எத்தனை கட்டை என்ற கணக்கு. `INT` புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டுகிறது. `MIN(20,…)` இருபதைத் தாண்ட விடாது. `MAX(0,…)` பூச்சியத்துக்குக் கீழே போக விடாது. டன் கணக்கில் எதிர்ம எண் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். போன மாதத்துச் சீட்டு ஒன்று திருத்தப்பட்டு, அந்த வித்தியாசம் இந்த மாதத் தொடக்கத்தில் கழிவாக ஏறினால் வரும். பெருக்கலை வகுத்தலுக்கு முன்னால் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. முதலில் வகுத்தால், கணினியின் தசமக் கணக்கில் 11 என்று வரவேண்டியது 10.999… என்று நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது. அதை வெட்டினால் ஒரு கட்டை போய்விடும்.

வெளியே இருக்கும் `IF` காடு 6-க்காக. செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வார்கள். புதுக் கன்று காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகள் அளவில் ஆகும். அதுவரை அந்தக் காட்டுக்கு இலக்கு கிடையாது, B-யில் பூச்சியம்தான். பூச்சியத்தால் வகுத்தால் `#DIV/0!` வரும். அதைப் பார்த்து யாராவது இலக்கில் 1 என்று பொய்யாகப் போட்டு வைப்பதற்கு முன் சூத்திரத்திலேயே வழி செய்துவிடுவது நல்லது. இனி E3-ல் பட்டை:

```
=IF(B3>0,REPT("█",D3)&REPT("░",20-D3)&IF(C3>B3,"+",""),"மறுநடவு")
```

இலக்கைத் தாண்டியிருந்தால் கடைசியில் ஒரு `+` ஒட்டிக்கொள்ளும். பட்டையை நீளவிடாமல் தாண்டியதைச் சொல்ல இது போதும். D-யையும் E-யையும் கீழே இழுத்தால் பட்டைகள் இப்படி இருக்கும்:

```
███████████████░░░░░   காடு 1
███████████████░░░░░   காடு 2
███████████████████░   காடு 3
████████████████████+  காடு 4
██████████░░░░░░░░░░   காடு 5
மறுநடவு                காடு 6
```

காடு 1-ம் 2-ம் ஒரே நீளம். ஒன்று 75 விழுக்காடு, மற்றது 77.5. ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்கும் வேறுபாட்டை இந்தப் பட்டை சொல்லாது, சொல்லும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. துல்லியம் வேண்டுபவர்களுக்காக F-ல் விழுக்காட்டையும் எழுதிவைக்கலாம். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. `=C5/B5` என்று எழுதி, புள்ளிக்குப் பின்னால் இலக்கம் இல்லாத விழுக்காட்டு வடிவம் கொடுத்தால், காடு 3-ன் 99.58-ஐ எக்செல் உயர்த்தி 100% என்று காட்டும். பக்கத்தில் பட்டையோ ஒரு கட்டை குறைவாக நிற்கும். எதை நம்புவது? எண்ணையும் பட்டையைப் போலவே கீழ்நோக்கி வெட்டிவிட்டால் இரண்டும் ஒரே பேச்சுப் பேசும்:

```
=IF(B3>0,ROUNDDOWN(C3/B3,2),"")
```

சூத்திரம் சரியாக இருந்தும் `#VALUE!` வந்தால், செல்லில் இருப்பது எண்தானா என்று பாருங்கள். யாராவது "45 டன்" என்று சேர்த்துத் தட்டியிருப்பார்கள். எக்செலுக்கு அது எண் அல்ல, வெறும் சொல். சொல்லாகிவிட்ட எண், நீங்கள் வேறு மாதிரி அமைக்காத வரை, செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எண் வலது ஓரத்தில் நிற்கும். "டன்" என்பது தலைப்பு வரிசையில் மட்டும் இருக்கட்டும்.

இப்போது காலியாக விட்ட இரண்டாம் வரிசைக்கு வருவோம். 75 விழுக்காடு நல்லதா, கெட்டதா? மாதத்தின் 15-ஆம் தேதி என்றால் நல்லது, 29-ஆம் தேதி என்றால் கவலை. பட்டைக்கு அது தெரியாது. ஆகவே மாதத்துக்கும் ஒரு பட்டை போட்டுவிடலாம். H1-ல் கடைசியாக ஏற்றிய எடைச்சீட்டின் தேதியைத் தட்டுங்கள். A2-ல் "நாள்" என்று எழுதுங்கள். B2-ல் மாதத்தின் மொத்த நாள்கள், C2-ல் கழிந்த நாள்கள்:

```
=DAY(EOMONTH(H1,0))
=DAY(H1)
```

D-யிலும் E-யிலும் உள்ள அதே சூத்திரங்களை இந்த வரிசைக்கும் நகலெடுங்கள். தேதி ஜூன் 21 என்றால் 30-க்கு 21, அதாவது 14 கட்டை. இந்த நாள் பட்டை மற்றவற்றின் தலைக்குமேல் நிற்பதால், ஒவ்வொரு காட்டையும் அதனுடன் நேராக ஒப்பிடலாம். காடு 1-ம் 2-ம் நாளைவிட ஒரு கட்டை முன்னே. காடு 5 நான்கு கட்டை பின்னே.

H1-ல் கையால் தட்டுவதற்குப் பதில் `TODAY()` போட்டால் வசதிதானே என்று தோன்றும். வேண்டாம். ஜூன் மாதத் தாளை ஜூலை 3-ஆம் தேதி யாராவது திறந்தால், நாள் பட்டை மூன்று நாள் என்று சுருங்கி, எல்லாக் காடும் பிரமாதமாக முன்னே போயிருப்பதாகக் காட்டும். அதோடு, இன்று காலை தாளைப் பார்க்கும்போது இன்றைய லாரி ஆலைக்கே போயிருக்காது. கடைசிச் சீட்டின் தேதிதான் C நெடுவரிசையில் உள்ள எண்களுக்கு நேர்மையான தேதி.

பின்தங்கிய பட்டை தானாகச் சிவப்பாக வேண்டுமென்றால், E3-லிருந்து E8 வரை தேர்ந்தெடுத்து, நிபந்தனை வடிவமைப்பில் (திரையில் `Conditional Formatting`) இந்தச் சூத்திரத்தைக் கொடுத்து எழுத்தின் நிறத்தைச் சிவப்பாக்குங்கள்:

```
=$C3*$B$2<$C$2*$B3
```

இரண்டு விகிதங்களை ஒப்பிடுவதையே வகுத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். இலக்குப் பூச்சியமாக உள்ள காடு 6-ல் பிழை வராமல் இருக்கவே இந்தச் சுற்றுவழி. காடு 5-ல் 39-ஐ 30-ஆல் பெருக்கினால் 1170, 21-ஐ 72-ஆல் பெருக்கினால் 1512. இடது பக்கம் சிறியது, எனவே சிவப்பு. கறுப்புக் கட்டைக்கு ஒரு நிறம், மங்கலுக்கு வேறு நிறம் என்று ஒரே செல்லுக்குள் பிரிக்க முடியாது. சூத்திரத்தால் வந்த எழுத்து முழுவதற்கும் ஒரே நிறம்தான்.

சிவப்பைக் கண்டதும் அந்தக் காட்டு மண்டோரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதற்குமுன் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் ஒரே அளவு குலை இறங்குவதாக நினைத்துக்கொள்கிறது. செம்பனையில் அப்படி இல்லை. அறுவடை சுற்றுச் சுற்றாக நடக்கிறது. ஒரு காட்டுக்குத் திரும்பி வரப் பொதுவாக 10 நாளோ அதற்கு மேலோ ஆகும். 21-ஆம் தேதியில் ஒரு காட்டில் இரண்டு சுற்று முடிந்திருக்கலாம், அடுத்த காட்டில் இரண்டாம் சுற்று அன்றுதான் தொடங்கியிருக்கலாம். காடு 5-ன் நான்கு கட்டைப் பள்ளம் முழுவதும் அந்த வரிசைமுறையால் வந்ததாகவும் இருக்கலாம். மழையில் குலை வெளியே வராமல் கிடப்பதும், பெருநாள் விடுமுறையும் பட்டைக்குத் தெரியாது. மாறாக, 21-ஆம் தேதியிலேயே காடு 4 இலக்கைத் தாண்டியிருப்பதைப் பாராட்டும் முன் இலக்கையே ஒரு முறை பார்ப்பது நல்லது. மலேசியாவில் விளைச்சல் பொதுவாக ஆண்டின் பிற்பாதியில் உச்சத்துக்குப் போகும், பிப்ரவரியை ஒட்டிக் குறையும். ஆண்டு இலக்கைப் பன்னிரண்டால் சமமாகப் பிரித்துப் போட்ட தோட்டத்தில் சில மாதம் எல்லாப் பட்டையும் `+` காட்டும், சில மாதம் எல்லாம் சிவக்கும்.

தோட்டம் முழுவதற்கும் ஒரு பட்டை வேண்டுமென்றால், நாள் வரிசையை விட்டு, மூன்றாம் வரிசையிலிருந்து B-யையும் C-யையும் கூட்டி அந்தக் கூட்டுத்தொகைக்குச் சூத்திரம் போடுங்கள். 310-க்கு 249.8, அதாவது 80 விழுக்காடு. F-ல் உள்ள விழுக்காடுகளைச் சராசரி எடுத்தால் 83 வரும். 50 டன் காடும் 80 டன் காடும் அங்கே சமமாகிவிடுவதால் வரும் பிழை அது.

இவ்வளவு எதற்கு, எக்செலிலேயே `Data Bars` இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது, 2007 பதிப்பு முதல். ஆனால் அதை அப்படியே போட்டால், தேர்ந்தெடுத்த செல்களில் மிகப் பெரிய எண் எதுவோ அதற்கு நீளமான பட்டையைக் கொடுக்கும். எல்லாக் காடும் இலக்கில் பாதிகூட எட்டாத மோசமான மாதத்திலும் ஒரு காட்டின் பட்டை நிரம்பி நிற்கும். காடுகளைத் தமக்குள் ஒப்பிட அது சரி, இலக்கோடு ஒப்பிட உதவாது. உச்ச மதிப்பை 1 என்று கையால் நிறுத்தி, விழுக்காட்டு நெடுவரிசையில் போட்டால் அந்தக் குறை தீரும். அப்படிச் செய்து, தாளைவிட்டு வெளியே போகாத கணக்கு என்றால் `Data Bars` தாராளமாகப் போதும்.

எழுத்துப் பட்டைக்குப் பிடிவாதமாக இருக்கும் ஒரே இடம் எழுத்துரு. கறுப்புக் கட்டையும் மங்கல் கட்டையும் ஒரே அகலத்தில் வராவிட்டால், 20 கட்டை இருந்தும் வலது ஓரம் கோணலாகும். E நெடுவரிசைக்கு `Consolas` அல்லது `Courier New` கொடுத்தால் இரண்டும் ஒரே அகலம். நெடுவரிசையை `+` குறியும் அடங்கும் அளவுக்கு அகலமாக்கி, `Wrap Text` போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டை பாதியில் மடிந்து இரண்டு வரியாகும்.

பட்டை வெறும் எழுத்து என்பதால் அதை நகலெடுத்து மண்டோர்களின் வாட்ஸாப் குழுவில் நேராக ஒட்டலாம். படம் எடுத்து அனுப்ப வேண்டியதில்லை. அங்கே மட்டும் பட்டையை வரியின் தொடக்கத்தில் வையுங்கள், காட்டின் பெயர் பின்னால் வரட்டும். பெயரை முன்னால் வைத்தால், "காடு 1", "காடு 10" என்று பெயரின் அகலம் மாறமாற ஒவ்வொரு பட்டையும் வேறு வேறு இடத்தில் தொடங்கும். கைப்பேசித் திரை குறுகலாக இருந்து வரி மடிந்தால், D-யிலும் E-யிலும் உள்ள 20-ஐ 10 என்று மாற்றி அனுப்பலாம். அப்போது ஒரு கட்டைக்கு 10 விழுக்காடு என்பதைச் செய்தியின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.